தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்தும் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டன் பக்கத்தில் உயர்தர மாணவருக்கு மாலை வேளைகளில் பைதன் சொல்லிக்கொடுக்கும்போது, பட்டியல் பாடத்தின் முடிவில் ஒன்பது பெயர்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்வது என் வழக்கம். அந்த ஒரு பயிற்சியில் எழும் சந்தேகங்கள் வகுப்புக்கு வகுப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பயிற்சிப் பட்டியல் இதுதான்:

```python
names = ["ஜெயா", "கனகா", "கணேசன்", "ஞானம்", "கண்ணன்",
         "கலா", "கணபதி", "தவமணி", "தனலட்சுமி"]
```

சேர், `names.sort()` என்று ஒரு வரி போட்டாலே வரிசையாகிவிடும்தானே? இதில் என்ன பயிற்சி இருக்கிறது?

வரிசையாகும், ஆனால் அது அகரவரிசை அன்று. அந்த வரியை இயக்கினால் கணபதி, கணேசன், கண்ணன், கனகா, கலா, ஜெயா, ஞானம், தனலட்சுமி, தவமணி என்று கிடைக்கும். தமிழ் அகராதி முறைப்படி இருக்கவேண்டிய வரிசை கண்ணன், கணபதி, கணேசன், கலா, கனகா, ஞானம், தவமணி, தனலட்சுமி, ஜெயா என்பதாகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்பது பெயர்களில் தனலட்சுமி மட்டுமே இரண்டிலும் ஒரே இடத்தில், எட்டாவதாக, நிற்கிறது.

பைதனுக்குத் தமிழ் தெரியாது. யுனிகோட் ஒவ்வொரு குறிக்கும் கொடுத்திருக்கும் எண்ணை மட்டும் பார்த்து, சிறிய எண்ணை முன்னாலும் பெரிய எண்ணைப் பின்னாலும் அது வைக்கிறது. `ord("க")` என்று கேட்டால் 2965 என்ற எண் வரும். அவ்வெண்களின் வரிசை பெரும்பாலான இடங்களில் நம் நெடுங்கணக்கோடு ஒத்துப்போவதால்தான் தவறு உடனே கண்ணில் படுவதில்லை. உயிரெழுத்துகள் சரியாக வரும், க, ச, த, ப என்று தொடங்கும் பெயர்கள் சரியாகப் பிரியும், பட்டியலின் தலைப்பகுதியைப் பார்த்துவிட்டு நாமும் திருப்தியடைந்துவிடுவோம். நானே அப்படி ஒரு வரவு இடாப்பை அச்சிட்டுக் கொடுத்து, பெயர் கூப்பிடும் ஆசிரியை விரலை மேலும் கீழும் ஓட்டித் தேடுவதைப் பார்த்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

கணபதிக்கு முன்னுக்கு கண்ணன் எப்படி வரும்? க, ண இரண்டிலும் ஒன்றுதானே?

க மட்டுந்தான் ஒன்று. இரண்டாம் எழுத்து கண்ணனில் ண், கணபதியில் ண, கணேசனில் ணே. நெடுங்கணக்கில் மெய் முதலில் வரும், அதன் பிறகே உயிர்மெய்: ண், ண, ணா, ணி என்று. அகராதியில் அக்கா என்ற சொல் அகம் என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பதும் இதனால்தான். ஆகவே கண்ணன், கணபதி, கணேசன் என்பதே முறை.

கணினி பார்ப்பதோ எழுத்துகளை அன்று. `list("கண்ணன்")` என்று கொடுத்துப் பாருங்கள். நமக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் பெயர் அங்கே க, ண, புள்ளி, ண, ன, புள்ளி என்று ஆறு துண்டுகளாக வரும். கணபதி க, ண, ப, த, இகரக் குறி என்று ஐந்து துண்டு. முதல் இரண்டு துண்டுகளும் மூன்று பெயர்களிலும் ஒன்றே என்பதால் மூன்றாவது துண்டுதான் முடிவு செய்கிறது. கணபதியில் அது ப, எண் 2986. கணேசனில் அது ஏகாரக் குறி, எண் 3015. கண்ணனில் அது புள்ளி, எண் 3021. புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளின் எண்களையும்விடப் பெரியது என்பதால் முதலில் வரவேண்டிய மெய், ணௌ வரைக்கும் உள்ள எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளப்படுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ண என்ற எழுத்தில் உள்ள அகரத்துக்குத் தனிக் குறி கிடையாது; ஆகவே கணினி அங்கே அடுத்த எழுத்தான ப என்பதை எடுத்து, புள்ளியோடும் ஏகாரக் குறியோடும் ஒப்பிடுகிறது. ஒப்பிடத் தகாத இரண்டை ஒப்பிட்டும் ண என்பது ணா, ணி ஆகியவற்றுக்கு முன்னால் சரியாக வந்துவிடுவதற்குக் காரணம், மெய்களின் எண்கள் யாவும் 3001க்குள் முடிந்துவிட, உயிர்க்குறிகள் 3006இல் தொடங்குவதே. இந்தத் தற்செயல் கீழே ஒரு கேள்வியில் மறுபடியும் உதவிக்கு வரும்.

கனகா எழுதும்போது "ன" தானே வரும், அது "ல"வுக்கு முன்னுக்கா பின்னுக்கா? எனக்குக் குழம்புகிறது.

பின்னுக்கு. சிறுவயதில் ஒப்பித்ததை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: க ங, ச ஞ, ட ண, த ந, ப ம, ய ர ல வ, ழ ள, ற ன. பதினெட்டு மெய்களில் ன கடைசி. யுனிகோட்டிலோ ந என்பதற்கு 2984, ன என்பதற்கு 2985. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதேபோல ர 2992, ற 2993, ல 2994, ள 2995, ழ 2996, வ 2997. இடம் மாறியிருப்பவை ன, ற, ள, ழ ஆகிய நான்கே.

இந்த நான்கும் தமிழ்ச் சொல்லின் முதலில் வரா என்பதால், பிழை எப்போதும் பெயரின் நடுவிலேயே ஒளிந்திருக்கும். கலா, கவிதா, கறுப்பையா, கனகா என்ற நான்கு பெயரை மட்டும் கொடுத்து `sort()` செய்தால் கனகா, கறுப்பையா, கலா, கவிதா என்று வருவதைக் காணலாம். ஆனால் ஒரே ஆளைப் பிறப்புச் சான்றிதழில் கறுப்பையா என்றும் பாடசாலை இடாப்பில் கருப்பையா என்றும் எழுதியிருந்தால், அவர் இரண்டு இடத்தில் நிற்பார். அது வரிசைப்படுத்தலின் குற்றமன்று; எந்தச் செய்நிரலாலும் தீர்க்கமுடியாதது.

யுனிகோட் செய்தவர்களுக்கு எங்கட அகரவரிசை தெரியாதா? இப்பவாவது திருத்தலாமே?

யுனிகோட்டின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்ற குறியேற்றத்தை ஒட்டி அமைந்தது. தேவநாகரியில் எந்த ஒலி எந்த இடத்தில் இருக்கிறதோ, தமிழிலும் அதற்கு இணையான எழுத்து அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. க 2965, ங 2969 என்று நடுவே மூன்று இடங்கள் வெறுமையாக இருப்பது, தமிழில் இல்லாத மூன்று ககர வகைகளுக்காக விட்ட இடம். ஜ என்பது சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் 2972இல் நிற்பதும், னகரம் நகரத்தின் தோளோடு ஒட்டி நிற்பதும் அதே காரணத்தால்தான்.

ஒரு குறிக்கு ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யுனிகோட்டின் உறுதியான விதி. மாற்றினால் இதுவரை எழுதிச் சேமித்த தமிழ் எல்லாம் வேறு எழுத்தாகிவிடும். எண் என்பது அடையாளத்துக்கு மட்டும், வரிசை என்பது தனி ஒழுங்கு என்று இரண்டையும் பிரித்துவைத்திருக்கிறார்கள். அந்தத் தனி ஒழுங்கைத்தான் இப்பயிற்சியில் நாம் எழுதுகிறோம்.

ஜெயா கடைசியில் போனால் அவள் கோவிப்பாள் சேர். ச வரிசைக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன?

கிரந்த எழுத்துகள் னகரத்துக்குப் பிறகு வருவதே வழக்கம். அவற்றுக்குள்ளான முறை நூலுக்கு நூல் சற்று வேறுபடும். நான் ஜ, ஶ, ஷ, ஸ, ஹ என்ற முறையைப் பின்பற்றுகிறேன். நீங்கள் வேறொன்றைத் தேர்ந்தால் தவறில்லை, ஆனால் ஒரே பட்டியலில் இரண்டைக் கலக்கக்கூடாது. ஆய்த எழுத்து ஔகாரத்துக்குப் பின், க் என்பதற்கு முன் வரும். அதன் எண் 2947 என்பதால் கணினி அதை அகரத்துக்கும் முன்னால் வைத்துவிடும்.

சரி, விளங்குது. இப்ப செய்நிரலை எப்படி எழுதுவது?

பெயரைத் துண்டுகளாக அன்றி எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு எண் கொடுக்க வேண்டும். முதல் எண், அதன் அடியெழுத்து நெடுங்கணக்கில் எத்தனையாவது என்பது. இரண்டாவது எண், அதன்மேல் என்ன ஏறியிருக்கிறது என்பது: புள்ளிக்கு 0, ஒன்றும் இல்லாவிட்டால் (அதாவது அகரம் என்றால்) 1, ஆகாரக் குறிக்கு 2 என்று தொடங்கி ஔகாரக் குறிக்கு 12.

```python
import unicodedata

BASE = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔஃகஙசஞடணதநபமயரலவழளறனஜஶஷஸஹ"
SIGN = ("\u0bbe\u0bbf\u0bc0\u0bc1\u0bc2\u0bc6"
        "\u0bc7\u0bc8\u0bca\u0bcb\u0bcc")
PULLI = "\u0bcd"

def tamil_key(name):
    key = []
    for ch in unicodedata.normalize("NFC", name.strip()):
        if ch == PULLI and key:
            key[-1][1] = 0
        elif ch in SIGN and key:
            key[-1][1] = 2 + SIGN.index(ch)
        elif ch in BASE:
            key.append([1000 + BASE.index(ch), 1])
        else:
            key.append([ord(ch), 1])
    return key

names.sort(key=tamil_key)
```

அடியெழுத்து வந்தால் புதிய சோடி ஒன்று சேர்கிறது. அதற்கு முதலில் 1 என்றே கொடுத்துவிடுகிறோம். அடுத்து வருவது புள்ளியோ உயிர்க்குறியோ என்றால், புதிதாக எதையும் சேர்க்காமல் கடைசிச் சோடியின் இரண்டாம் எண்ணை மட்டும் மாற்றுகிறோம். BASE வரிசையில் க 13ஆம் இடத்திலும் ண 18ஆம் இடத்திலும் (0இலிருந்து எண்ணினால்) இருப்பதால், கண்ணனின் முதல் இரண்டு எழுத்துகள் `[1013, 1], [1018, 0]` ஆகின்றன, கணபதி `[1013, 1], [1018, 1]`, கணேசன் `[1013, 1], [1018, 8]`. இனி பைதன் பட்டியல்களைத் தன் வழக்கப்படி ஒப்பிட்டாலே போதும். 1000 என்பதைக் கூட்டியது, வெற்றிடமும் முற்றுப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் தமிழெழுத்துக்கு முன்னால் நிற்பதற்காக. க்ஷ என்பதை இது க், ஷ என்று இரண்டு எழுத்தாகவே கொள்ளும்; இப்பயிற்சிக்கு அது போதும்.

நான் இதைவிடச் சின்னதாக எழுதினேன், எல்லாப் பெயரும் சரியாக வருது. ஏன் எனக்குப் பயிற்சிப் புள்ளி குறைத்தீர்கள்?

அவருடைய செய்நிரல் உண்மையில் அழகானது, ஆகவே அதை இங்கே தருகிறேன். முந்திய கேள்வியின் BASE, SIGN, PULLI ஆகியவற்றையே எடுத்து, புள்ளியை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்து ஒரே வரிசையாக்கியிருந்தார்:

```python
ORDER = PULLI + " ." + BASE + SIGN

def short_key(name):
    return [ORDER.index(ch) for ch in name]
```

நம் ஒன்பது பெயர்களுக்கு இது முற்றிலும் சரியான விடையைத் தருகிறது. மெய்கள் உயிர்க்குறிகளுக்கு முன்னால் இருக்கும் அந்தத் தற்செயலை (இரண்டாம் கேள்வியைப் பாருங்கள்) இவர் வேண்டுமென்றே ஓர் ஒழுங்காக்கிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் பெயர் அகரத்தில் முடியும் இடத்தில் இது சறுக்குகிறது. தமிழ்ப் பெயர்கள் அப்படி முடிவது அரிது என்பதால் நம் பட்டியலில் அது தெரியவில்லை. மலையகத்தில் நம் பிள்ளைகளோடு சிங்களப் பிள்ளைகளும் ஒரே விளையாட்டுப் போட்டிப் பட்டியலில் இருப்பார்கள், அங்கே ஹர்ஷ என்று ஒருவரும் ஹர்ஷ் என்று ஒருவரும் வந்தால் தெரிந்துவிடும். ஷ் முதலில், ஷ அடுத்து என்பதால் ஹர்ஷ் என்பதே முன்னால் வரவேண்டும். சுருக்கமான செய்நிரலில் ஹர்ஷ என்ற பெயர் புள்ளிக்கு முன்பே முடிந்துவிடுகிறது; குறுகிய பட்டியல் முன்னால் என்ற பைதனின் விதிப்படி அதுவே முதலில் நின்றுவிடும்.

திருத்தம் மிகச் சிறியது. பெயர் முடிகிறது என்பதையும் ஓர் எண்ணாகச் சொல்லி, அதைப் புள்ளிக்கு அடுத்தும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பும் வைத்தால் சரியாகிவிடும். `return` வரியின் கடைசியில் `+ [0.5]` என்று சேர்த்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தோ எண்ணோ இருந்தால் `index` பிழை காட்டி நின்றுவிடும் என்பது மட்டும் பாக்கி. திருத்திக் கொடுத்தவருக்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன்.

எங்கள் வகுப்பில் இரண்டு கௌரி. ஒருத்தி கோமதிக்குப் பிறகு வாறாள், மற்றவள் எங்கேயோ மேலே நிற்கிறாள். இரண்டும் ஒரே பெயர்தானே?

திரையில் ஒன்று, உள்ளே இரண்டு. `len("கௌரி")` என்பது 4 என்று வரவேண்டும். மேலே நிற்பவளின் பெயருக்குக் கொடுத்துப் பாருங்கள். 5 என்று வரும். தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறியைப் போடாமல், கெ என்று அடித்து அதன் பக்கத்தில் ள என்ற எழுத்தை அடித்திருக்கிறார். அது கௌரி அன்று, கெ, ள, ரி என்ற மூன்றெழுத்துச் சொல். ஔவை என்பதை ஒ, ள, வை என்று அடிப்பதும் இவ்வினமே. இதைச் செய்நிரலால் தானாகத் திருத்த முற்படவேண்டாம், ஏனெனில் கெளுத்தி என்பது போல உண்மையிலேயே கெ என்பதை அடுத்து ளகரம் வரும் சொற்களும் உண்டு. சந்தேகமான பெயர்களை எடுத்துக்காட்டச் சொல்லி, கையால் திருத்துவதே நல்லது.

கோமதியிலும் இதைப் போல ஒன்று உண்டு, ஆனால் அது தானாகவே தீரும். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்த இரண்டாகவும் சேமிக்கலாம். யுனிகோட் இரண்டையும் சமமாகவே கொள்கிறது. நம் செய்நிரலில் உள்ள `normalize("NFC", ...)` இரண்டாக வந்ததை ஒன்றாக்கிவிடும். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு ஓட்டினால், ஏகாரக் குறியின் எண்ணைப் பின்னால் வரும் ஆகாரக் குறி அழித்து எழுதிவிட, கோமதி காமதியின் இடத்தில் போய் நிற்பாள்.

பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் முதலெழுத்து இருந்தால்? "மு. கண்ணன்" மகரத்துக்குப் போய்விடுகிறதே.

பெயரை முதற்சாவியாகவும் முதலெழுத்தை இரண்டாஞ்சாவியாகவும் கொடுக்க வேண்டும். ஒரே வகுப்பில் மூன்று கண்ணன்கள் இருப்பது இங்கே புதிதன்று. அப்போதுதான் இரண்டாஞ்சாவி வேலை செய்யும்.

```python
def register_key(full):
    parts = full.replace(".", ". ").split()
    return tamil_key(parts[-1]), tamil_key(" ".join(parts[:-1]))
```

முற்றுப்புள்ளிக்குப் பின் வெற்றிடம் விடாமல் "மு.கண்ணன்" என்று அடிப்பவர்களுக்காகவே அந்த `replace`. தகப்பன் பெயரை முழுமையாகச் சிலர் முன்னாலும் சிலர் பின்னாலும் எழுதியிருக்கும் பட்டியலுக்கு இது உதவாது. அங்கே இரண்டையும் தனித்தனி நிரலில் வாங்குவதைத் தவிர வழியில்லை.

பழைய பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினேன், "fz;zd;" என்று ஏதோ வருது. வரிசையும் தாறுமாறு.

அது பாமினி எழுத்துருவில் அடித்த கண்ணன். அங்கே உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. f என்ற இடத்தில் க என்ற படத்தையும் அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்ப்புள்ளியையும் அந்த எழுத்துரு வரைந்து காட்டுகிறது. ஆகவே வரிசையும் ஆங்கில முறையிலேயே அமையும். முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிவிட்டு, மாற்றியதைக் கண்ணால் ஒருமுறை வாசித்த பின்பே வரிசைப்படுத்துங்கள்.

இதெல்லாம் ஏற்கெனவே யாராவது செய்து வைத்திருப்பார்களே? அதை எடுத்துப் போட்டால் போதாதா?

வேலைத்தலத்தில் அப்படித்தான் செய்வீர்கள். ஐசியூ என்ற நூலகத்தில் மொழிவாரியான வரிசை விதிகள் உள்ளன. இணைய உலாவியில் `new Intl.Collator("ta")` என்று கேட்பதும் அத்தகைய விதிகளையே. ஆனால் நீங்கள் பயன்படுத்தும் கணினியில் தமிழுக்கான விதி ஏற்றப்பட்டிருக்கிறதா, அல்லது எல்லா மொழிக்கும் பொதுவான விதி ஓடுகிறதா என்பது வெளியே தெரியாது, பிழைச்செய்தியும் வராது.

அதற்காக நான் ஐந்து பெயர்களை மட்டும் வைத்துச் சோதிப்பேன்: கணபதி, கண்ணன், கனகா, கலா, ஜெயா. விடை கண்ணன், கணபதி, கலா, கனகா, ஜெயா என்று வந்தால் நம்பலாம். கனகா கலாவுக்குப் பின்னால் சரியாக நின்றும் கண்ணன் கணபதிக்குப் பின்னால் போயிருந்தால், மெய்வரிசை ஏறியிருக்கிறது, புள்ளி விதி ஏறவில்லை என்று பொருள். அப்போது மேலே உள்ள `tamil_key` செய்நிரலுக்கே திரும்பிவிடுங்கள்.